கூட்டுப் பணியிடத்துக்குப் பெயர் வைத்தல்

கோவொர்க்கிங் என்று பரவலாக அழைக்கப்படும் கூட்டுப் பணியிடத்தின் பெயர், அதை நடத்துபவரைவிட அங்கே இருக்கை எடுப்பவர்களிடம்தான் அதிகம் புழங்குகிறது. மாத வாடகைக்கு ஒரு மேசை பிடித்துத் தொழில் தொடங்கும் இளைஞர், ஜிஎஸ்டி பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது கட்டடத்தின் பெயரைக் கேட்கும் கட்டத்தில் அதைத்தான் எழுதுகிறார். அவர் அனுப்பும் பில், நடப்புக் கணக்கின் முகவரி, கூரியர் உறை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அந்தப் பெயர் ஏறிக்கொள்கிறது. துணிக்கடையின் பெயர் கடைக்காரரோடு நின்றுவிடும். பணியிடத்தின் பெயரோ நாற்பது ஐம்பது பேருடைய தொழில் முகவரியின் முதல் வரியாகிவிடுகிறது.

நடுத்தர நகரங்களில் இதன் எடை இன்னும் கூடுதல். சென்னையிலோ பெங்களூரிலோ ஒருவர் எந்தக் கட்டடத்திலிருந்து வேலை செய்கிறார் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கரூர், திண்டுக்கல், விருதுநகர் போன்ற ஊர்களில் வங்கி மேலாளர், சரக்குக் கொடுக்கும் வியாபாரி, பெண் பார்க்க வரும் வீட்டார் என்று பலரும் "ஆபீஸ் எங்கே?" என்று கேட்பார்கள். அப்போது சொல்லப்படும் பெயர் விளக்கம் தேவைப்படாததாகவும், சொல்பவரைச் சங்கடப்படுத்தாததாகவும் இருக்க வேண்டும். வேடிக்கைக்காகவோ பதினெட்டு வயதின் குறும்பிலோ வைத்த பெயரை, கடன் விண்ணப்பத்தில் எழுதவேண்டியவர் வேறொருவர். பெயர் தேடுபவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய முதல் செய்தி இதுதான். மற்ற சோதனைகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இத்தகைய இடங்களின் பெயர் வரலாறே ஒரு சிற்றூரில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள படேவியாவில், மாசி-ஹாரிஸ் என்ற பண்ணைக் கருவி நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் ஆலையை மூடியது. ஊரில் வேலையின்மை பெருகியது. கைவிடப்பட்ட அந்தப் பெருங்கட்டடத்தை மன்குசோ குடும்பத்தார் வாங்கினார்கள். மொத்தமாக எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்காததால் ஜோசப் மன்குசோ அதைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துப் புதுத் தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார். 1959இல் தொடங்கிய அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் படேவியா இண்டஸ்ட்ரியல் சென்டர். ஊரும் வேலையும் சேர்ந்த, சுவையில்லாத பெயர். குடிவந்தவர்களில் ஒன்று கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம். அதைச் சுட்டி, இந்தக் கட்டடமே தொழில்களைப் பொரிக்கும் இன்குபேட்டர்தான் என்று மன்குசோ பேசத் தொடங்கினார். வைத்த பெயர் அந்த ஊரோடு நின்றது. பேச்சில் வந்த சொல் உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் அப்படிப் பரவிய சொல் யாருக்கும் உரிமையில்லாத பொதுச்சொல்லாகிவிட்டது. 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் தொடங்கிய பகிர்வு அலுவலகத்திலிருந்து புகழ்பெற்ற கோவொர்க்கிங் என்ற சொல்லுக்கும் இதே நிலைதான். இன்குபேட்டர், கோவொர்க்கிங், ஹப், ஸ்பேஸ், ஒர்க் ஆகிய சொற்களை யாரும் பயன்படுத்தலாம். அதனாலேயே அவற்றைக் கொண்டு ஒரு இடத்தை மற்றோர் இடத்திலிருந்து பிரித்துக் காட்ட முடியாது. இந்தியப் பெரு நிறுவனங்கள் இதை உணர்ந்து வளைந்து போயிருப்பதைக் காணலாம். நாட்டின் தொலைபேசிக் குறியீட்டை முன்னால் வைத்துக்கொண்டது 91ஸ்பிரிங்போர்டு. ஆபீஸ் என்ற ஒலியையே எழுத்து மாற்றி எழுதிக்கொண்டது ஆஃபிஸ், அதாவது Awfis. பின்னதைப் போன்ற எழுத்து விளையாட்டு ஆங்கிலத்தில் கண்ணுக்குத் தெரிகிறது; தமிழில் எழுதிய கணமே அது வெறும் ஆபீஸாகிவிடுகிறது. தமிழ்நாட்டு நகரத்தில் வைக்கும் பெயர் இரண்டு எழுத்துகளிலும் வாழ வேண்டியது என்பதால் இந்த வழி இங்கே பயன்படாது.

நம் ஊர்ச் சூழலில் நன்றாக நிலைத்த பெயருக்கு டைடல் ஒரு நல்ல சான்று. டிட்கோ, எல்காட் என்ற இரண்டு அரசு நிறுவனங்களின் பெயர்களிலிருந்து முன்னெழுத்துகளை எடுத்து ஒட்டிய சொல் அது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் திறக்கப்பட்டபோது அச்சொல்லுக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் Tidal என்று பிழையாக எழுதுபவர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் தமிழில் அதை ஒரே விதமாகத்தான் எழுத முடியும், ஒரே விதமாகத்தான் சொல்ல முடியும். ஊர்ப்பெயர் ஒட்டாததால் கோவைக்குப் போனபோதும், நியோ டைடல் என்ற பெயரில் 2024இல் விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் சிறிய பூங்காக்கள் திறக்கப்பட்டபோதும் பெயர் தடையின்றிப் பயணம் செய்தது. சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் வேறொரு வழியைக் காட்டுகிறது. நூலகம், மருந்தகம், உணவகம் என்று மக்கள் நாவில் ஏற்கெனவே உள்ள அமைப்பில் அமைந்ததால், முதல்முறை கேட்பவருக்கே அது ஓர் இடத்தின் பெயர் என்று புரிந்துவிடுகிறது.

தனியார் ஒருவர் அந்தப் பெயரை அப்படியே பின்பற்ற முடியாது. நிறுவனப் பெயரில் முதலமைச்சர், அமைச்சர், ஆளுநர், தேசிய, வாரியம், ஆணையம், நகராட்சி, பஞ்சாயத்து முதலியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் வரவேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி தேவை என்று நிறுவனங்கள் பதிவு விதிகள் சொல்கின்றன. காந்தி, நேரு ஆகியோரின் பெயர்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் தடுக்கிறது. கட்டடம் கொடுத்த பெரியவரின் பெயரை வைக்க விரும்புவோர் கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் உண்டு. உயிரோடிருப்பவர் அல்லது இறந்து இருபது ஆண்டுகள் ஆகாதவர் ஒருவரோடு தொடர்பு இருப்பதாகக் காட்டும் டிரேட்மார்க்குக்கு, அவருடைய அல்லது அவர் சட்டப் பிரதிநிதியின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஒரு பணியிடத்துக்கு உண்மையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று சட்டப் பெயர்: பிரைவேட் லிமிடெட் என்றோ எல்எல்பி என்றோ முடிந்து, ஒப்பந்தத்திலும் வரிக் கணக்கிலும் வருவது. மற்றொன்று புழங்கு பெயர்: பலகையிலும் வாயிலும் வருவது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஜிஎஸ்டி பதிவிலும் சட்டப் பெயருக்கும் வணிகப் பெயருக்கும் தனித்தனி இடம் உண்டு. சட்டப் பெயர் நீளமாகவும் உப்புச்சப்பில்லாமலும் இருந்தால் குற்றமில்லை. உழைப்பைச் செலவிட வேண்டியது புழங்கு பெயரில்தான்.

இலாப நோக்கமில்லாத இன்குபேட்டர்களுக்குச் சட்டப் பெயரில் தேர்வு இன்னும் குறுகியது. கல்லூரியோ தொழில் சங்கமோ தொடங்கும் இன்குபேட்டர்கள் பல, நிறுவனங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ்ப் பதிவாகின்றன. அத்தகைய நிறுவனத்தின் பெயரில் ஃபவுண்டேஷன், ஃபோரம், அசோசியேஷன், கவுன்சில் போன்ற சொல் ஒன்று இடம்பெற வேண்டும் என்பது விதி. அடல் இன்குபேஷன் மையங்கள் AIC என்ற மூன்றெழுத்தோடு தொடங்குவதையும் பார்க்கலாம். இந்த ஒட்டுகளைத் தவிர்க்க முடியாதபோது, நடுவில் நிற்கும் சொல் குறுகியதாக இருந்தால்தான் பெயர் மூச்சுவிடும்.

கரூரை எடுத்துக்கொண்டு ஒரு பெயரைத் தேடிப் பார்த்தால் இவையெல்லாம் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பது விளங்கும். நாற்பது இருக்கைகள் கொண்ட ஒரு மாடி. அங்கே வரக்கூடியவர்கள் வீட்டு உபயோகத் துணி வடிவமைப்பவர்கள், ஆன்லைனில் பெட்ஷீட் விற்பவர்கள், கணக்காளர்கள், வெளியூர் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்த மென்பொருள் பொறியாளர்கள் என்று கற்பனை செய்துகொள்வோம்.

முதலில் யாருக்கும் தோன்றுவது கரூர் கோவொர்க்கிங், கரூர் ஹப் போன்ற பெயர்கள். தெளிவானவை, கூகுளில் தேடுபவர் தட்டச்சு செய்யும் சொற்களையே கொண்டவை. ஆனால் சேவையின் தன்மையையோ இடத்தையோ மட்டும் குறிக்கும் சொல்லை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பொதுவாக அனுமதிப்பதில்லை. நீண்டகாலப் பயன்பாட்டால் தனி அடையாளம் பெற்றுவிட்டது என்று நிரூபித்தால்தான் விலக்கு. ஆகவே எதிர்த் தெருவில் ஒருவர் நியூ கரூர் கோவொர்க்கிங் என்று பலகை வைத்தால் தடுப்பது கடினம். தேடலுக்காகத்தான் இந்தச் சொற்கள் வேண்டும் என்ற எண்ணத்துக்கும் இப்போது பெரிய தேவையில்லை. கூகுள் மேப்பில் இடத்தைச் சேர்க்கும்போது வகை என்ற கட்டத்தில் Coworking space என்று தேர்வு செய்துவிடலாம். பெயர்க் கட்டத்தில் உண்மையான பெயரை மட்டும் எழுத வேண்டும், தேடல் சொற்களைத் திணிக்கக் கூடாது என்பது கூகுளின் நெறிமுறை. மீறினால் பதிவு முடக்கப்படலாம்.

அடுத்து இளைஞர்களிடம் செல்வாக்குள்ள எண்கள் வரும். கரூரின் வாகனப் பதிவு எண் டிஎன் 47, அஞ்சல் குறியீடு 639001. சட்டையில் அச்சிட்டால் அழகாக இருக்கும். ஆனால் டிஎன் 47 என்பது மாவட்டத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டியிலும் இருப்பது; அதைத் தனி உரிமையாக்க முடியாது. நாமக்கல்லில் இரண்டாவது கிளை திறக்கும் நாளில் அந்தப் பெயர் காலை வாரிவிடும்.

பிறகு ஊர்ப் பெருமைக்குப் போவார்கள். சங்ககாலச் சேரர் தலைநகரான வஞ்சியைக் கரூரோடு இணைத்துப் பேசுவது வரலாற்று ஆய்வில் பழைய வழக்கம். வஞ்சி சிறிய சொல், ஒலி இனிமை உண்டு. ஆனால் ஏமாற்றுதலுக்கும் அதே வேர்ச்சொல்தான். வாடகை முன்பணம் திருப்பித் தருவதில் ஒருமுறை தகராறு வந்தால் போதும், ஊர் அந்தப் பெயரை வைத்தே பேசும். அமராவதி ஊரின் ஆறு. எல்லாருக்கும் பிடித்த பெயர். ஆனால் இணையத்தில் தேடினால் ஆந்திரத்தின் அமராவதி முன்னால் வந்து நிற்கும். உள்ளூரிலும் அப்பெயரை எத்தனையோ கடைகளும் நிறுவனங்களும் தாங்கியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

மூன்றாவதாகத் தொழிலிலிருந்து வரும் சொற்கள். இந்த வழிதான் மிகவும் வளமானது. ஒரு சொல் தன் சொந்தத் தொழிலில் பொதுச்சொல்லாக இருந்தாலும், வேறொரு சேவைக்குப் பெயராகும்போது டிரேட்மார்க் பார்வையில் வலுவுள்ளதாகிவிடுகிறது. துணி விற்பவருக்குத் தறி என்ற பெயர் பலவீனமானது. மேசை வாடகைக்கு விடுபவருக்கு அதே பெயர் வலுவானது. ஊர்க்காரர்களுக்கோ அது அந்நியச் சொல் அல்ல.

பட்டறை என்ற சொல்லைப் பார்ப்போம். கைவேலை, பயிற்சி, உழைப்பு எல்லாம் அதில் அடங்கும். மற்ற ஊரில் நல்ல பெயராக இருந்திருக்கும். பஸ் பாடி கட்டும் தொழிலுக்குப் பேர்போன கரூரில் "பட்டறைக்குப் போங்க" என்று ஆட்டோவில் சொன்னால், "எந்தப் பட்டறை?" என்ற கேள்விதான் வரும். நெசவூர்களில் பாவு நீட்டும் பொதுத் திடலைப் பாவடி என்பார்கள். பலர் கூடிப் பயன்படுத்தும் வேலையிடம் என்பதால் பொருளளவில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஆனால் Pavadi என்று எழுதியதைப் பார்த்து நெசவு தெரியாத வெளியூர்க்காரர் பாவாடை என்று படிக்கக்கூடும். அங்கே வேலை செய்யும் பெண்கள் அந்தச் சிரிப்பை நாள்தோறும் தாங்க நேரும். அதுமட்டுமன்றிச் சில ஊர்களில் பாவடி குறிப்பிட்ட சமூகத்தாரின் பொதுச் சொத்தாகப் பேணப்படுகிறது. நல்ல சொல்லானாலும் இங்கே விட்டுவிட வேண்டியதுதான்.

சாதி, கட்சி, கோயில் ஆகியவற்றின் சாயல் உள்ள பெயர்களையும் இதே காரணத்தால் ஒதுக்க வேண்டும். நடுத்தர நகரத்தில் கடைப்பெயரைக் கொண்டு அது யாருடையது என்று கண்டுபிடிக்கும் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு மளிகைக் கடை அதைத் தாங்கிக்கொள்ளலாம். புதிதாக வரும் எவரும் தயக்கமின்றி உள்ளே நுழைய வேண்டிய பொது வேலையிடம், வாசலிலேயே ஒருவருக்கு "இது உங்களுக்கில்லை" என்று சொல்லிவிடக் கூடாது.

எஞ்சுபவை களம், தறி என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஆங்கில எழுத்துச் சோதனை தொடங்குகிறது. மின்னஞ்சல், இணைய முகவரி, இன்ஸ்டாகிராம், யுபிஐ எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் பெரும்பாலும் நடக்கின்றன. தமிழின் ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் அந்த எழுத்தில் கரைந்துவிடும். களம் என்பதை Kalam என்று எழுதினால் கலம், காலம், கலாம் மூன்றும் அதற்குள் புகுந்துகொள்கின்றன. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமின் பெயர் என்றே பெரும்பாலோர் படிப்பார்கள். அவர் பெயரில் இளைஞர் அமைப்புகளும் பயிற்சி மையங்களும் நிறைய இருப்பதால் இந்தக் குழப்பம் தீராது.

தறிக்கும் தொல்லை இல்லாமலில்லை. Thari, Tari என்று இரண்டு விதமாக எழுதலாம். Thari என்பதைத் தரி என்றும் படிக்கலாம். ஆனால் இரண்டு எழுத்துக்கோலங்கள்தான் என்பதால் இரண்டையும் இணைய முகவரியாக வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிட முடியும். ஐந்தாறு விதமாக எழுதக்கூடிய ஊடுபாவு போன்ற அழகான சொல்லுக்கு இந்த வைத்தியம் செல்லாது. ழகரம் உள்ள எந்தச் சொல்லுக்கும் இதே நிலைதான். எளிய சோதனை ஒன்று உண்டு. தொடர்பில்லாத பத்துப் பேரைத் தொலைபேசியில் அழைத்து, பெயரை ஒரே ஒருமுறை சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். வரும் பதில்கள் இரண்டு கோலங்களுக்குள் அடங்கினால் பெயர் தேறியது. எழுதியதைப் பிறிதொரு பத்துப் பேரிடம் காட்டித் தமிழில் வாசிக்கச் சொன்னால் எதிர்த்திசைச் சோதனையும் முடிந்துவிடும். நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் ஓட்டெடுப்பு நடத்துவது இதற்கு ஈடாகாது. அங்கே எழுதப்பட்ட பெயரைப் பார்க்கிறார்கள். பிடித்ததா என்று மட்டும் சொல்கிறார்கள். பெயர் தவறிப்போகும் இடம் காதிலிருந்து கைக்கு வரும் வழியில் இருக்கிறது.

தறி என்று மட்டும் தேடினால் விசைத்தறி விற்பனையும் நெசவுச் செய்திகளும்தான் வரும் என்ற குறையும் உண்டு. அதற்காகப் புழங்கு பெயரை நீட்ட வேண்டியதில்லை. இணைய முகவரியிலும் சமூக ஊடகக் கணக்கிலும் மட்டும் ஒரு துணைச்சொல் சேர்த்தால் போதும். பலகையில் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் கூட்டுப் பணியிடம் என்ற விளக்க வரி நிற்கட்டும்.

இந்த நிலைக்கு வந்த பிறகுதான் அரசுப் பதிவேடுகளைத் தேட வேண்டும். எல்லாப் பெயர்களுக்கும் முதலிலேயே தேடத் தொடங்குபவர்கள் களைத்துப்போய், இணைய முகவரி கிடைத்த ஏதோ ஒன்றைப் பெயராக்கிவிடுவது வழக்கம்.

டிரேட்மார்க் பதிவகத்தின் பொதுத் தேடல் இலவசமானது. அதில் Wordmark, Phonetic என்ற இரண்டு தேடல்களையும் செய்ய வேண்டும்; முதலாவது எழுத்தைப் பார்க்கும், இரண்டாவது ஒலியைப் பார்க்கும். வகுப்பு எண் கேட்கும் இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அலுவலக இடத்தை வாடகைக்கு விடுவது 36ஆம் வகுப்பு. வணிக நிர்வாக உதவியும் அலுவலகப் பணிகளும் 35. பயிற்சி வகுப்புகள் 41. கூட்ட அரங்கு வாடகை 43. தறி என்ற சொல்லைத் தேடினால் துணிகளுக்கான 24, 25ஆம் வகுப்புகளில் ஏதாவது தென்படுவது இயல்பு. அது மட்டுமே தடையாகிவிடாது. 35இலும் 36இலும் ஒலியளவில் ஒத்த பெயர் இருந்தால்தான் நின்று யோசிக்க வேண்டும். நாடறிந்த பெயரானால் வேறு வகுப்பில் இருந்தாலும் விலகிவிடுவதே அறிவு.

அடுத்து நிறுவனங்கள் பதிவேடு. SPICe+ படிவத்தின் முதல் பகுதியில் இரண்டு பெயர்கள் வரை கொடுக்கலாம். ஒப்புதல் கிடைத்தால் பெயர் 20 நாட்களுக்கு ஒதுக்கி வைக்கப்படும்; கூடுதல் கட்டணம் செலுத்திக் காலத்தை நீட்டிக்கலாம். ஏற்கெனவே உள்ள பெயரோடு ஒற்றுமை பார்க்கும்போது பதிவாளர் எவற்றைக் கணக்கில் எடுக்க மாட்டார் என்பதை விதிகளே விளக்குகின்றன. பன்மை ஒட்டு, எழுத்து மாற்றம், நிறுத்தக்குறி, சொல் வரிசை மாற்றம், .com போன்ற ஒட்டு ஆகியவற்றால் பெயர் வேறாகிவிடாது. ஊர்ப்பெயரைச் சேர்ப்பதாலும் வேறாகிவிடாது என்பதுதான் நடுத்தர நகரத்தாருக்கு முக்கியம். சென்னையில் ஒரு பெயரில் நிறுவனம் இருக்க, அதனோடு கரூர் என்று சேர்த்தால் தப்பிவிடலாம் என்ற எண்ணம் இங்கேதான் முறிகிறது. பழைய நிறுவனத்தின் இயக்குநர் குழு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் கொடுத்தால் மட்டுமே வழி பிறக்கும்.

பெயருக்கு நிறுவனப் பதிவாளர் ஒப்புதல் கொடுத்துவிட்டால் அது தமக்கே உரியது என்று நினைப்பது மிகப் பரவலான பிழை. அந்த ஒப்புதல் பதிவேட்டில் இடம் தருகிறதே தவிர டிரேட்மார்க் உரிமை தருவதில்லை. பதிவு பெற்ற டிரேட்மார்க்கின் உரிமையாளர் மூன்றாண்டுகளுக்குள் முறையிட்டால், பெயரை மூன்று மாதத்தில் மாற்றும்படி உத்தரவு வரக்கூடும். ஆகவே நிறுவனப் பெயர் கிடைத்த கையோடு டிரேட்மார்க் விண்ணப்பத்தையும் போட்டுவிட வேண்டும். தனிநபருக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப்புக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைன் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பணம் குறைவானால் 36ஆம் வகுப்பை முதலில் எடுக்கலாம். தமிழ் எழுத்தில் உள்ள பெயருக்கு, அதன் ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இணைக்க வேண்டும். ஆய்வுக்குப் பிறகு பெயர் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். அன்றிலிருந்து நான்கு மாதம் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு இல்லாமல் பதிவானால் உரிமை பத்தாண்டு, பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பித்தவுடன் TM என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் R போடுவது பதிவு முடிந்த பிறகுதான். முன்னதாகப் போடுவது சட்டமீறல்.

யார் பெயரில் விண்ணப்பிக்கிறோம் என்பது சிறிய கேள்வியாகத் தோன்றும். 2019இல் வீவொர்க் நிறுவனம் வீ கம்பெனி என்று பெயர் மாறியபோது, வீ என்ற பெயருக்கான உரிமை அதன் நிறுவனர் ஆடம் நியூமனோடு தொடர்புள்ள வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. அதற்காக 59 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகள் கைமாறிய செய்தி பங்கு வெளியீட்டு ஆவணத்தில் தெரியவந்தது. கண்டனம் எழுந்த பிறகு நியூமன் அதைத் திருப்பிக் கொடுத்தார். சிறு நகரத்தில் இது வேறு வடிவில் வரும். மூன்று நண்பர்கள் தொடங்குவார்கள். ஒருவர் தம் கார்டில் பணம் கட்டி இணைய முகவரியைத் தம் பெயரில் வாங்கியிருப்பார். இன்ஸ்டாகிராம் இன்னொருவரின் கைப்பேசியில் இருக்கும். டிரேட்மார்க் மூன்றாமவர் பெயரில் போயிருக்கும். பிரிவு வரும்போது பெயர் மூன்று துண்டாகிறது. கூட்டொப்பந்தத்திலேயே பெயரும் இணைய முகவரியும் கணக்குகளும் நிறுவனத்துக்கு உரியவை என்று ஒரு பத்தி எழுதிவிட்டால் இது நேராது. நிறுவனம் பதிவாகும் முன்பே தனிநபர் பெயரில் விண்ணப்பிக்க நேர்ந்தால், பின்னர் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பதையும் அந்தப் பத்தியில் சேர்க்க வேண்டும்.

பெயர்ப்பலகைக்கும் விதி உண்டு. 1948ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பலகை தமிழில் இருக்க வேண்டும்; பிற மொழிகள் தமிழுக்குக் கீழே, தமிழைவிடச் சிறிதாக வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி மூன்றுக்கும் ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்ற அளவைத்தான் அதிகாரிகள் வலியுறுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் வடிவமைத்து முடித்த லோகோவைக் கடைசி நேரத்தில் தமிழில் எழுதி ஒட்டும்போது பலகை கோணலாகிவிடுவதைப் பல ஊர்களில் காணலாம். பெயர் தமிழ்ச்சொல்லானால் தமிழ் எழுத்திலேயே முதலில் வரைந்து, ஆங்கிலத்தை அதற்குத் துணையாக்குவது விதிக்கும் கண்ணுக்கும் பொருந்தும்.

கூட்டுப் பணியிடத்தின் வாசலுக்கு மற்றொரு சிக்கலும் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் தம் பதிவு எண்ணை முதன்மைத் தொழிலிட வாசலின் பெயர்ப்பலகையில் காட்ட வேண்டும். பதிவு பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரையும் அலுவலக முகவரியையும் வெளியே எழுதி வைக்க வேண்டும். ஊர்மொழியின் எழுத்திலும் அது இருக்க வேண்டும். ஆகவே இருபது நிறுவனங்கள் தங்கியிருந்தால் இருபது சிறு பலகைகள் அந்த ஒரே வாசலில் வரும். பணியிடத்தின் பெயர் இரண்டு மூன்று எழுத்தில் முடிந்தால், மேலே அதை வைத்துக் கீழே வரிசைகளுக்கு இடம் விடலாம். அதிகாரி ஆய்வுக்கு வரும்போது குடியிருப்பவரின் பலகை கண்ணில் படாவிட்டால் தொல்லை அவருக்குத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயரை மாற்ற வேண்டி வரலாம். நிறுவனத்தின் பெயர் மாற்றத்துக்குச் சிறப்புத் தீர்மானமும் பதிவாளரின் ஒப்புதலும் தேவை. டிரேட்மார்க் தானாக மாறாது. புதிய பெயருக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். குடியிருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஜிஎஸ்டி பதிவில் முகவரியைத் திருத்தி, வங்கிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் தெரிவித்து, பில் புத்தகத்தை மீண்டும் அச்சடிக்க வேண்டியிருக்கும். ஆகவே இருக்கை ஒப்பந்தத்திலேயே பெயர் மாற்றத்துக்கு மூன்று மாத முன்னறிவிப்பு என்றும், திருத்தச் செலவு நடத்துபவருடையது என்றும் எழுதுவது நியாயம். மாற்றிய பிறகும் பழைய பெயரை உடனே கழற்றிவிட முடியாது. நிறுவனப் பெயர் மாறிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பலகையிலும் கடிதத்தாளிலும் புதிய பெயரோடு முந்தைய பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும் என்கிறது நிறுவனங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு.